அப்பா எழுதிய ‘வீட்டைக் காலி செய்’ நோட்டீஸ்: கோபம் குறைத்து, தேதி தெளிவாக்கித் திருத்தித் தர முடியுமா?

பழவண்ணை மாடிவீடு

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. மாடியில் நாங்கள், கீழே ஒரு குடும்பம் 2017 முதல் வாடகைக்கு இருக்கிறது. அந்த அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். அவர் கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். மகள் பத்தாவது படிக்கிறாள். வாடகை 9,500. அட்வான்ஸ் 60,000. கடைசியாகப் போட்ட 11 மாத ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கப்புறம் புதுப்பிக்கவில்லை, வாடகை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. டாக்டர் படி ஏறக்கூடாது என்கிறார். எங்கள் வீட்டு மாடிப்படி எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், கைப்பிடியே சுவர்தான். அதனால் கீழ் வீடு எங்களுக்கு வேண்டும். இதை நேரில் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். கூச்சத்தில் ஒரு நோட்டீஸ் எழுதினார். அது இப்படி வந்திருக்கிறது:

> “திரு. —— அவர்களுக்கு. தாங்கள் எமது வீட்டில் நெடுங்காலமாக இருந்து வருவதும், இரவு நேரத்தில் தையல் மிஷின் ஓட்டி இடைஞ்சல் செய்வதும், தண்ணீரை அளவில்லாமல் செலவழிப்பதும், உறவினர்களைத் தங்க வைப்பதும் யாவரும் அறிந்ததே. மேலும் எனக்கு உடல்நிலை சரியில்லாததால் வீடு தேவைப்படுகிறது. ஆகவே இந்த நோட்டீஸ் கிடைத்த 7 நாட்களுக்குள், அதாவது இம்மாதக் கடைசிக்குள், தை பிறந்தவுடன் வீட்டைக் காலி செய்ய வேண்டியது. தவறினால் தினசரி ரூ.1,000 அபராதமும், கரண்ட், தண்ணீர் நிறுத்தமும் செய்யப்படும். அட்வான்ஸ் பெயிண்டிங் செலவு போக இரண்டு மாதம் கழித்துத் தரப்படும்.”

நான் படித்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மார்கழியில் இப்படி ஒன்றைக் கையில் கொடுக்கக்கூடாது என்று அம்மா சொன்னதை அப்பாவும் ஒத்துக்கொண்டதால் பொங்கல் வரை நேரம் இருக்கிறது. யாராவது திருத்தித் தாருங்கள்.

வியாசை வேந்தன்

எதற்கு இவ்வளவு யோசனை? 11 மாத ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. சட்டப்படி அவர்கள் இப்போது வாடகைதாரரே இல்லை. அத்துமீறி இருப்பவர்களுக்கு நோட்டீஸே தேவையில்லை. 11 மாதம் போடுவதே அதற்குத்தானே. ஒரு மரியாதைக்கு வேண்டுமானால் 15 நாள் கொடுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்

நானும் லீஸ்தான். ஐந்து லட்சம் கொடுத்து மூன்று வருஷத்துக்குப் போட்டிருக்கிறேன், மார்ச்சில் முடிகிறது. ஓனர் பணம் இல்லை, வேறு ஆள் வந்து கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவேன் என்கிறார். லீஸ் முடிக்கிற நோட்டீஸை நான் கொடுக்கணுமா, அவர் கொடுக்கணுமா?

தங்கசாலை குமாஸ்தா

நான் வக்கீல் இல்லை. ஐகோர்ட் வளாகத்தில் இருக்கிற சிறுவழக்கு நீதிமன்றத்துக்கு வாடகை வழக்குக் கட்டு சுமந்தே 26 வருஷம் ஓட்டியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டைக்காரருக்கு முதலில். நீங்கள் சொல்வது நம்ம ஊர் ‘லீஸ்’, அதாவது மொத்தமாகக் கொடுத்து வாடகை இல்லாமல் இருக்கிற போக்கியம். இங்கே பேசுவது மாத வாடகை. உங்கள் கதையில் மாட்டிக்கொண்டிருப்பது உங்கள் ஐந்து லட்சம், அதனால் எழுத வேண்டியவர் நீங்கள்தான். பத்திரத்தில் உள்ள முடிவுத் தேதியைச் சொல்லி, அன்றைக்குச் சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கொடுத்து வையுங்கள். பத்திரம் பதிவானதா, வெள்ளைத்தாளா என்று தனியாக ஒரு இழை போட்டுச் சொல்லுங்கள், அங்கே பேசலாம்.

வேந்தன் தம்பி பாதி சரி. ஒப்பந்தம் முடிந்தது உண்மை. ஆனால் 2019 பிப்ரவரி 22-லிருந்து தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிற 2017-ஆம் வருடத்து வாடகைச் சட்டத்தில், காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால் பழைய நிபந்தனைப்படியே மாதாமாதம் நீடிப்பதாகக் கொள்ள வேண்டும், அதிகபட்சம் ஆறு மாதம் என்று இருக்கிறது. இவர்கள் விஷயத்தில் அந்த ஆறு மாதம் 2025 அக்டோபரோடு முடிந்தது. அதற்கப்புறமும் ஓனர் வாடகை வாங்கிக்கொண்டே இருந்தால் என்ன நிலை என்பதில் வக்கீல்களே இரண்டு கட்சி. ஆனால் எந்தக் கட்சியிலும் “அத்துமீறி இருப்பவர், நோட்டீஸ் வேண்டாம்” என்று நான் கேட்டதில்லை. நவம்பர், டிசம்பர் வாடகையை வாங்கி வங்கியில் போட்டுவிட்டு அத்துமீறல் என்று எப்படிச் சொல்வீர்கள்?

அந்த 15 நாள் எங்கிருந்து வருகிறது என்றால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவு. மாத வாடகைக்கு, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் 15 நாள். அந்த ‘இல்லையென்றால்’தான் முக்கியம். மாடிவீட்டுத் தம்பி, பழைய ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலம் எத்தனை என்று பாருங்கள். அப்படியே யார் பெயரில் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

பழவண்ணை மாடிவீடு

பார்த்தேன். “இரு தரப்பினரும் இரண்டு மாத முன்னறிவிப்பு” என்று ஆறாவது வரியில் இருக்கிறது. ஒப்பந்தம் அந்த அக்கா பெயரில். அப்பா நோட்டீஸ் எழுதியது அவர் கணவர் பெயருக்கு! பெயிண்டிங் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. தினசரி அபராதமும் இல்லை.

தங்கசாலை குமாஸ்தா

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் நோட்டீஸ் போக வேண்டும். வீட்டில் ஆம்பிளை பெயருக்கு எழுதுவது நம் பழக்கம், அந்தப் பழக்கத்தால் முதல் வாய்தாவிலேயே “எனக்கு நோட்டீஸ் வரவில்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லிக் கட்டு ஓரமாய்ப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அப்பா எழுதியதைப் படிப்போம். அதில் எத்தனை தேதி இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். “கிடைத்த 7 நாள்” ஒன்று. “இம்மாதக் கடைசி” இரண்டு. “தை பிறந்தவுடன்” மூன்று. மூன்றும் ஒரே வாக்கியத்தில், நடுவில் ‘அதாவது’ வேறு. வாசிக்கிறவர் எந்தத் தேதிக்கு லாரி பேச வேண்டும்? நோட்டீஸ் என்பதே ஒரு தேதியைச் சொல்வதற்கான காகிதம். அந்தத் தேதியை நாள், மாதம், வருடம் போட்டு ஒரே ஒரு இடத்தில் எழுத வேண்டும். “கிடைத்ததிலிருந்து இத்தனை நாள்” என்று எழுதினால் கிடைத்த நாளே சண்டையாகிவிடும்.

எந்தத் தேதி என்று கேட்டால், நான் ஏப்ரல் 30 என்பேன். ஒப்பந்தப்படி இரண்டு மாதம். ஜனவரி 19 திங்கட்கிழமை கொடுத்தால் மார்ச் 19-க்கு இரண்டு மாதம் ஆகிவிடும். சட்டத்துக்கு மார்ச் 31 போதும். ஆனால் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. அது நடுவில் வீடு மாறச் சொன்னால் அவர்கள் மாற மாட்டார்கள், நீங்களும் மனசாட்சியோடு கேட்க முடியாது. பங்குனியில் வீடு மாற யோசிப்பவர்களும் உண்டு. ஏப்ரல் 30 என்றால் சித்திரை 17. தேர்வு முடிந்து, சித்திரை பிறந்து இரண்டு வாரம் கையில் இருக்கும். மாதக் கடைசி என்பதால் அரை மாத வாடகைக் கணக்கும் வராது.

ராயபுரம் ராணி

நான் வாடகை வீட்டுப் பக்கம். போன வருஷம் எங்களுக்கு ஒன்று வந்தது. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் காரணமே இல்லை, “சொந்த காரணங்களுக்காக” என்று மட்டும். நானும் வீட்டுக்காரரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தோம். வாசலில் கோலம் போட்ட இடத்தில் வண்டி நிறுத்தினோமே, அதுவா? பிறகு தெரிந்தது, அவர்கள் மகனுக்குக் கல்யாணம். அதை எழுதியிருந்தால் நாங்களே வாழ்த்தியிருப்போம்.

மாடிவீட்டுத் தம்பி, உங்கள் அப்பா தையல் மிஷின் சத்தத்தைப் பற்றி எழுதியிருப்பதை அந்த அக்கா படித்தால் அது ஆயுசுக்கும் போகாது. அந்த மிஷின்தான் அவங்க சோறு.

திருவொற்றியூர் தேரடி

நான் ஓனர் பக்கம் பேசுகிறேன், திட்டாதீர்கள். மூன்று வருஷம் ஒரு குடித்தனத்தோடு கோர்ட்டில் நின்றவன் நான். இனிமையாக எழுதினால் இளிச்சவாயன் என்று நினைப்பார்கள். நான்கு காரணம் எழுதினால் ஒன்றாவது நிற்கும். அந்த ஆயிரம் ரூபாய் அபராதம் பயம் காட்டத்தான், யார் வசூல் பண்ணப் போகிறார்கள்?

தங்கசாலை குமாஸ்தா

தேரடி சார், உங்கள் அலுப்பு புரிகிறது. ஆனால் நான்கு காரணம் எழுதினால் ஒன்று நிற்காது, நான்கும் சேர்ந்து விழும். எப்படி என்று சொல்கிறேன்.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வெளியேற்ற என்னென்ன காரணம் செல்லும் என்று 2017 சட்டம் சொல்லிவைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகைப் பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்தில் கட்டாதது, எழுத்து அனுமதி இல்லாமல் வேறு ஆளுக்கு விட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை எச்சரித்த பிறகும் நிறுத்தாதது, சொந்த உபயோகம், இப்படி. தண்ணீர் அதிகம் செலவழிப்பதும் மாமனார் வந்து தங்குவதும் அதில் இல்லை. தையல் மிஷினைத் தவறான பயன்பாடு என்று இழுக்கலாம்தான், ஆனால் ஒன்பது வருஷம் அந்தச் சத்தத்துக்கு மேலேயே படுத்துத் தூங்கியவர், ஒரு தடவைகூட எழுதிக் கொடுக்காதவர், இப்போது அதைச் சொன்னால் எதிர் வக்கீல் ஒரே கேள்வி கேட்பார்: “அப்படியானால் முட்டி வலி எப்போது வந்தது ஐயா?” உண்மையான காரணமும் சாக்காகத் தெரியும். முட்டி ஒன்று போதும். அது உண்மை, டாக்டர் சீட்டு இருக்கிறது, மாடிப்படியைப் போட்டோ எடுக்கலாம். சீட்டை நோட்டீஸோடு இணைக்க வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சொந்த உபயோகம் என்று எழுதி வாங்கிவிட்டு, ஜூனில் 14,000-க்கு வேறு ஆளை வைத்தீர்கள் என்றால், இந்தக் காகிதமே உங்களுக்கு எதிராகப் பேசும்.

அபராதம் பற்றி: ஒப்பந்தத்தில் இல்லாத அபராதத்தை நோட்டீஸில் புதிதாக உண்டாக்க முடியாது. கரண்ட், தண்ணீர் நிறுத்தம் அதைவிட மோசம். அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக்கூடாது என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் அந்த அம்மா ஒரு மனு கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். அந்த மனுவோடு இணைக்க ஆதாரமாக உங்கள் அப்பா தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுக்கப் பார்த்தார், நீங்கள் பீரோவில் பூட்டிக் காப்பாற்றினீர்கள்.

வியாசை வேந்தன்

சரி, அபராதத்தை விடுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம்தானே? எங்கள் தெருவில் எல்லோரும் பிடிக்கிறார்கள்.

ராயபுரம் ராணி

எல்லோரும் பிடிக்கிறார்கள், பிடித்த காசில் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அதையும் சொல்லுங்கள்.

தங்கசாலை குமாஸ்தா

வழக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் அட்டவணையில், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை சுவருக்கு வெள்ளை அடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பக்கம் எழுதியிருக்கிறது. குழாய்க்கு வாஷர் மாற்றுவது மாதிரிச் சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி எதுவும் இல்லை. ஒன்பது வருஷத்தில் சுவர் மங்குவது சேதமில்லை. சிங்க் உடைந்திருந்தால், கண்ணாடி போயிருந்தால் அதைச் சேர்ந்து பார்த்து எழுதிக் கழிக்கலாம்.

அட்வான்ஸைத் திருப்பித் தர இரண்டு மாதம் என்று அப்பா எழுதியதும் செல்லாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நான் சொல்வேன், சாவி வாங்குகிற அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்ற வரியும் இருக்கிறது, ஆனால் மாறாக ஒப்பந்தம் இருந்தால் தவிர என்று ஒரு வாலும் இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் சென்னையே பத்து மாதம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

எண்ணூர் தபால்பெட்டி

கொடுக்கும் விதம் பற்றி ஒன்று சொல்லலாமா, நான் தபால்துறை. கதவிடுக்கில் செருகாதீர்கள். நேரில் கொடுத்து நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூடவே தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். பலர் இன்னும் பதிவுத் தபால் என்று கேட்டு வருகிறார்கள். 2025-இல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டோம். ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு, டெலிவரிச் சான்று இரண்டும் வேண்டும் என்று கவுன்ட்டரில் சொல்லுங்கள். ஒரே கட்டடத்துக்கு மாடியிலிருந்து கீழே தபால் அனுப்புகிறார்களே என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பழவண்ணை மாடிவீடு

எல்லாவற்றையும் வைத்து ஒன்று எழுதியிருக்கிறேன். குமாஸ்தா ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.

> நாள்: 19.1.2026
>
> பெறுநர்: திருமதி ——, தரைத்தளம்
> அனுப்புநர்: ——, முதல் மாடி
>
> பொருள்: தரைத்தள வீட்டை 30.4.2026 அன்று ஒப்படைக்கக் கேட்டுக்கொள்வது.
>
> வணக்கம். 2017 முதல் நீங்கள் எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் மாத வாடகைக்குக் குடியிருந்து வருகிறீர்கள். நம் கடைசி ஒப்பந்தம் 30.4.2025 அன்று முடிந்தது. அதன் பிறகு அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் தொடர்கிறீர்கள். இம்மாதம் வரை வாடகை பாக்கி ஏதும் இல்லை.
>
> எனக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது என்று மருத்துவர் கூறியுள்ளார். ஆகையால் தரைத்தளத்தில் நானும் என் மனைவியும் குடியிருக்க வேண்டியுள்ளது. வீட்டைக் கேட்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.
>
> நம் ஒப்பந்தப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். உங்கள் மகளின் பொதுத்தேர்வைக் கருதி, அதற்கும் கூடுதலாக அவகாசம் தந்து, 30.4.2026 அன்று உங்கள் வாடகைக் குடியிருப்பை முடித்துக்கொண்டு வீட்டை ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பே வேறு வீடு அமைந்தால், 15 நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு மாறிக்கொள்ளலாம். இருந்த நாள் வரைக்கும் மட்டும் வாடகை தந்தால் போதும்.
>
> நீங்கள் இருக்கும் நாள் வரை தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதிகளில் எந்த மாற்றமும் இருக்காது. வீட்டைப் பார்க்க வர வேண்டியிருந்தால் முந்தின நாளே சொல்லிவிட்டு, பகல் நேரத்தில் மட்டும் வருவோம்.
>
> நீங்கள் கொடுத்துள்ள முன்பணம் ரூ.60,000. சாவி ஒப்படைக்கும் அன்று இருவரும் வீட்டைச் சேர்ந்து பார்த்து, மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, வாடகை பாக்கியோ மின் கட்டணமோ உடைந்த பொருள்களோ இருந்தால் அதை மட்டும் எழுத்தில் கணக்கிட்டுக் கழித்து, மீதியை அன்றே தருவேன். வெள்ளையடிக்கும் செலவு கழிக்கப்படாது.
>
> ஜனவரிக்குப் பிறகு நான் வாங்கும் வாடகை, நீங்கள் குடியிருக்கும் காலத்துக்கானது மட்டுமே. அதனால் இந்த அறிவிப்பை நான் விலக்கிக்கொண்டதாக ஆகாது.
>
> 30.4.2026-க்குள் மாற இயலாது என்றால் 31.3.2026-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள், உட்கார்ந்து பேசலாம். பேசியும் முடியாவிட்டால் வாடகை நீதிமன்றத்தின் மூலமாகவே கேட்பேன். அங்கே உங்கள் தரப்பைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.
>
> இப்படிக்கு, (கையெழுத்து)

தங்கசாலை குமாஸ்தா

என் வேலையைப் பிடுங்கிவிட்டீர்கள். இரண்டு இடம் மட்டும் பார்க்கலாம். “வாடகைக் குடியிருப்பை முடித்துக்கொண்டு” என்ற சொல் அவசியம் இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள். “ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” மட்டும் இருந்தால் அது வேண்டுகோள் மாதிரி நிற்கும். குடித்தனம் அன்றோடு முடிகிறது என்பது வெளிப்படையாக வந்தால்தான் அது நோட்டீஸ். மரியாதையாகவும் எழுதலாம், முடிவு என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் சண்டையில்லை. அடுத்தது, பாக்கி இல்லை என்று எழுதுவதற்கு முன் வங்கிக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எழுதிவிட்டால் எழுதியதுதான். ஜனவரிக்குப் பிறகான வாடகை பற்றிய வரி தேவையானது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகையை வாங்கிப் போட்டால், விட்டுக்கொடுத்துவிட்டார் என்று வாதாட இடமிருக்கிறது.

கையெழுத்து வீடு யார் பெயரிலோ அவர்தான் போட வேண்டும். அப்பாதானே?

பழவண்ணை மாடிவீடு

அப்பா பெயர்தான், தாத்தா எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கிறது.

திருவொற்றியூர் தேரடி

நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் கடைசி வரி எனக்கு ஒப்பவில்லை. “உங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு” என்று நாமே எழுதிக் கொடுத்து கோர்ட்டுக்கு வழி காட்டுவானேன்? என் வழக்கில் இருந்த ஆள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு காரணம் சொன்னான். வழி தெரியாமலா சொன்னான், யாரோ சொல்லிக் கொடுத்துத்தான்.

ராயபுரம் ராணி

அந்த வரி இருந்தால்தான் சார் நாங்கள் பயப்படாமல் படிப்போம். ராத்திரியோடு ராத்திரியா சாமானைத் தூக்கிப் போட மாட்டார்கள் என்று தெரிந்தால் வீடு தேட நிதானம் வரும். பயத்தில் இருப்பவர்கள்தான் வக்கீலைத் தேடி ஓடுவார்கள்.

தங்கசாலை குமாஸ்தா

சட்டப்படி அந்த வரி கட்டாயமில்லை. எடுத்தாலும் நோட்டீஸ் செல்லும். இருப்பதா எடுப்பதா என்று அப்பா முடிவு செய்யட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதனால் மட்டும் யாரும் வெளியேற மாட்டார்கள். அவர்கள் போகவில்லையென்றால் உத்தரவு வாங்க வேண்டும். அப்போது உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகாதது ஒரு கேள்வியாக வரும். tenancy.tn.gov.in தளத்தில் பதிந்திருக்க வேண்டியது, நம்மில் பலர் பதிவதில்லை. அந்தக் கட்டம் வந்தால் வக்கீலிடம் போங்கள், என் பேச்சோடு நிற்காதீர்கள்.

பழவண்ணை மாடிவீடு

கொடுத்தாயிற்று. காணும் பொங்கல் கழிந்த திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவே ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, ஊசியில் கோர்த்த நூலை அப்படியே விட்டுவிட்டு வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். நகலில் கையெழுத்துப் போட்டார். கடைசி வரியை அப்பா எடுக்கவில்லை, “இருக்கட்டும்” என்றார்.

அக்கா அழவுமில்லை, சண்டையும் போடவில்லை. ஒன்றுதான் கேட்டார்: “அங்கிள், அட்வான்ஸைச் சாவி கொடுக்கிற அன்றைக்குத் தருவேன் என்று போட்டிருக்கீங்க. புது வீட்டுக்காரர் அதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் கேட்பாரே, அந்தக் காசுக்கு நான் எங்கே போவேன்?” அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

திருவொற்றியூர் தேரடி

ஒரு பைசா முன்னாடி கொடுக்காதீர்கள். கையில் இருக்கிற அட்வான்ஸ்தான் நமக்கு இருக்கிற ஒரே பிடி. கொடுத்த பிறகு அவர்கள் போகவில்லை என்றால்?

தங்கசாலை குமாஸ்தா

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி, நாம் எல்லோரும் தவறவிட்டது. இந்த ஊரில் வீடு மாறுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடமே அதுதான். தேதியெல்லாம் சரியாக எழுதிவிட்டு இங்கே கோட்டைவிட்டோம்.

முழுசாகக் கொடுக்க வேண்டாம், தேரடி சார் பயமும் சும்மா இல்லை. இப்படிப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் வாடகையை வாங்காமல் அட்வான்ஸிலேயே கழித்துக்கொள்ளுங்கள். 19,000. அந்தக் காசு அவர்கள் கையிலேயே நிற்கும், புது வீட்டு டோக்கனுக்கு ஆகும். உங்களிடம் இன்னும் 41,000 இருக்கும். கடைசி ஈபி பில்லுக்கும் உடைசலுக்கும் அது தாராளம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில் வரும் என்பதால் மீட்டர் அளவை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். புது வீட்டு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினால் அந்த 41,000-லிருந்து இன்னொரு 20,000 கொடுக்கலாம், ரசீது வாங்கிக்கொண்டு. இது சட்டத்தில் இல்லை, உங்களுக்குள் ஒரு ஏற்பாடு. செய்வதானால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், நோட்டீஸ் நோட்டீஸாகவே நிற்கிறது என்று அதில் ஒரு வரி சேருங்கள்.

திருவொற்றியூர் தேரடி

வாடகையைக் கழிப்பது வரை சரி. அந்த 20,000-க்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பழவண்ணை மாடிவீடு

அப்பாவும் அதையேதான் சொல்கிறார், அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். மார்ச் வாடகை வாங்குவதில்லை என்பது வரை முடிவாகிவிட்டது. அக்கா இந்த ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு வீடு பார்க்கப் போகிறாராம், தரைத்தளம், மிஷின் வைக்கத் திண்ணை இருக்கிறதாம்.

ராயபுரம் ராணி

தண்ணி எப்படி என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.